விலை ஏற்றி வந்த மெயிலுக்கு 'ஓகே' மட்டும் போதுமா? ஒரு ரப்பர் தேன் லோடை வைத்து ஒரு பதில்

கேள்வி: அண்ணா, குமரி மாவட்டம் அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்துல தேன் பெட்டி வைத்திருக்கோம். மதுரையில ஒரு தேன் கம்பெனி கிலோவுக்கு 170 சொன்னாங்க, நாங்க 200 கேட்டோம். இப்ப 188 தர்றதா மெயில் வந்திருக்கு. அதுல "1,960 கிலோ ரப்பர் தேன், கிலோ 188 ரூபாய், சம்மதம் என்றால் தெரிவிக்கவும்"னு மட்டும்தான் இருக்கு. ஈரப்பதம் 22 வரை ஓகே, லோடு எங்க இடத்துலயே, வண்டி வாடகை அவங்க, காலி கேன் அவங்களே கொண்டு வருவாங்க, பாதி அட்வான்ஸ், மீதி 15 நாள்ல, ஏப்ரல் 12க்குள்ள எடுத்துக்குவாங்க, இதெல்லாம் போன்ல அவங்க பர்ச்சேஸ் ஆபீசர் ஒத்துக்கிட்டதுதான். "ஓகே"னு பதில் போட்டா போதுமா, எல்லாத்தையும் திரும்ப எழுதணுமா? எழுதினா திரும்பவும் பேரம் பேசறோம்னு நினைச்சுட மாட்டாங்களா?

பதில்:

எல்லாவற்றையும் திரும்ப எழுதுங்கள் தம்பி. 'ஓகே' என்று மட்டும் போட்டால், அந்த மெயிலில் இருப்பதற்கு மட்டும்தான் நீங்கள் சம்மதித்ததாக எழுத்தில் நிற்கும். அளவும் விலையும் தவிர அதில் ஒன்றும் இல்லை. நீங்கள் சொன்ன மற்ற ஏழு விஷயமும் ஒருவருடைய ஞாபகத்தில்தான் இருக்கின்றன. அந்த ஆபீசர் வேலை மாறிப் போனாலோ, கணக்குப் பிரிவுக்காரர் "எங்கள் ஃபைலில் அப்படி இல்லையே" என்றாலோ, உங்கள் கையில் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

விலை 18 ரூபாய் கூடியதும் பேரம் முடிந்துவிட்ட மாதிரித் தோன்றும். உங்கள் லோடுக்கு அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,960 கிலோவுக்கு 18 ரூபாய் என்றால் 35,280 ரூபாய். மெயிலில் இல்லாத மூன்று விஷயம் உங்களுக்கு எதிராகத் திரும்பினால் என்ன ஆகும்?

முதலில் ஈரப்பதம். 22 சதவீதத்துக்குப் பதில் 20தான் எடுப்போம் என்று கடைசி நேரத்தில் சொன்னால், நீங்கள் அந்தத் தண்ணீரை வற்ற வைக்க வேண்டும். 1,960 கிலோ தேனில் 22 சதவீதம் ஈரம் என்றால் மீதி 78 சதவீதம்தான் சரக்கு. அதே சரக்கு 20 சதவீத ஈரத்தில் நிற்கும்போது மொத்த எடை 1,911 கிலோவாகிவிடும். 49 கிலோ குறைகிறது. 188 ரூபாய் வீதம் 9,212 ரூபாய் போயிற்று. வற்ற வைக்கிற செலவு அதற்கு மேலே.

அடுத்தது வண்டி. மதுரைக்குக் கிலோவுக்கு 4 ரூபாய் விழுகிறது என்று வைத்துக்கொண்டால் 7,840 ரூபாய். பிறகு கேன். 28 கிலோ பிடிக்கிற கேன் 70 வேண்டும். ஒரு கேன் 250 ரூபாய் என்றால் 17,500. மூன்றையும் கூட்டினால் 34,552 ரூபாய். இவ்வளவு நாள் பேசி வாங்கிய 35,280 ரூபாயில் மிஞ்சுவது 728 ரூபாய். வாடகையும் கேன் விலையும் உங்கள் ஊர் நிலவரப்படி மாறும், ஆனால் கணக்கு போகிற திசை இதுதான். கம்பெனி உங்களை ஏமாற்றப் பார்க்கிறது என்று நான் சொல்லவில்லை. மெயில் எழுதியவருக்கு மாறிய எண்ணை மட்டும் சொன்னால் போதும் என்று தோன்றியிருக்கும், அவ்வளவுதான். அதை முழுசாக்குவது பதில் எழுதுகிறவர் பொறுப்பு.

திரும்ப எழுதினால் பேரம் ஆகிவிடுமா?

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, சம்மதம் என்பது முழுமையாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும் என்கிறது. "188க்குச் சம்மதம், ஆனால் மீதிப் பணத்தை 7 நாளில் தர வேண்டும்" என்று எழுதினால் அது சம்மதம் ஆகாது, புதிதாக நீங்கள் வைக்கிற கோரிக்கை. அப்படி எழுதியதும் அவர்கள் தந்த 188 விழுந்துவிடும். அதன்பின் அவர்கள் "சரி, பழைய 170க்கே பேசுவோம்" என்றாலும் நீங்கள் 188ஐப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது.

ஆனால் ஏற்கெனவே இரண்டு பேரும் ஒத்துக்கொண்டதைத் திரும்பச் சொல்வது நிபந்தனை போடுவது ஆகாது, நடந்ததைப் பதிவு செய்வதுதான். அதனால் எழுத உட்காரும் முன் ஒரு தாளை எடுத்து இரண்டாகப் பிரியுங்கள். அவர்கள் வாயால் "சரி" என்று சொன்னது ஒரு பக்கம். நீங்கள் கேட்டு அவர்கள் "பார்க்கலாம்" என்றதும், கேட்க நினைத்து விட்டுப்போனதும் மறுபக்கம். முதல் பக்கத்தில் உள்ளது மட்டும்தான் இந்த மெயிலில் வரலாம்.

இங்கே மனசாட்சியோடு இருங்கள். நம் பக்கம் போனில் "ஆங்... சரி சரி, அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொல்வது சாதாரணம். அதைச் சம்மதம் என்று எழுதிவிட்டால், எதிர்ப்பக்கம் அதை மறுக்கும்போது நீங்கள் சரியாக எழுதியிருக்கிற மற்ற விஷயங்கள் மேலும் சந்தேகம் வரும்.

ரப்பர் தேனில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கிற காலத்தில் இலைக்காம்பில் சுரக்கிறதைத் தேனீ எடுக்கிறது. அந்தத் தேன் கேனுக்குள்ளேயே வெள்ளையாக மணல் மணலாகக் கட்டிவிடும். தெரியாதவர் பார்த்தால் சர்க்கரை கலந்தது என்று நினைப்பார். "உறைந்தால் சரக்கைத் திருப்பக் கூடாது" என்று எழுத உங்களுக்கு ஆசையாக இருக்கும். ஆனால் உங்கள் கேள்வியில் அது பேசியதாக இல்லை. அதனால் இந்த மெயிலில் சேர்க்க வேண்டாம். இதற்கு அவர்கள் உறுதி தந்த பிறகு, லோடு ஏற்றும் முன் தனி மெயிலாக அனுப்புங்கள். மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு இருப்பதால் அந்தப் பெயரை அவர்கள் லேபிளில் போடலாமா, அடுத்த லோடுக்கும் இதே விலையா என்பதெல்லாம் அந்த இரண்டாவது மெயிலுக்கு உரியவை.

ஈரப்பதத்தை எழுதும் விதம்

மற்ற விஷயங்களில் ஆளும் தேதியும் இருந்தால் போதும். ஈரப்பதம் அப்படி இல்லை. தகராறு பெரும்பாலும் இங்கேதான் கிளம்புகிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நீங்கள் தருவது அவர்கள் பதப்படுத்தக் கொண்டுபோகிற பச்சைத் தேன். கடையில் விற்கிற தேனுக்கு உணவுப் பாதுகாப்பு விதி 20 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. மெயிலில் ஈரப்பதம் இல்லாவிட்டால், அவர்கள் ஆய்வகத்தில் இருக்கிறவர் இயல்பாக அந்த 20ஐத்தான் கையில் எடுப்பார். 22 என்று பேசியது அவருக்குத் தெரிய வழியில்லை. அதனால் "பதப்படுத்துவதற்கான பச்சைத் தேன், ஈரப்பதம் 22 சதவீதம் வரை" என்று இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

எங்கே அளப்பது என்பது அடுத்தது. தேனின் ஈரத்தை அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டர் பொதுவாக 20 டிகிரி வெப்பத்துக்கு அளவு செய்யப்பட்டது. வெப்பத்துக்குத் தானாகத் திருத்திக்கொள்ளாத கருவியை நம் ஊரில் மார்ச், ஏப்ரலில் 30 டிகிரியில் வைத்துப் பார்த்தால், உண்மையான ஈரத்தைவிடக் கிட்டத்தட்ட ஒரு சதவீதம் கூடுதலாகக் காட்டும். 21.5 இருக்கிற தேன் 22.4 என்று தெரியும். அவர்கள் ஆய்வகத்தின் குளிர்சாதன அறையில் அளந்தால் வேறு எண் வரும். மூடி சரியில்லாத கேனில் தேன் காற்றின் ஈரத்தை இழுக்கும், அதுவும் எண்ணை மாற்றும். போனில் "லோடு ஏற்றும்போது உங்கள் இடத்தில் பார்த்துக்கொள்வோம்" என்று அவர்கள் சொல்லியிருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். சொல்லவில்லை என்றால், எழுதும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நிமிடப் பேச்சு, ஆனால் அதன்பின் அது 'ஒத்துக்கொண்டது' என்ற பக்கத்துக்கு வந்துவிடும்.

மாதிரி எடுக்கும்போது எல்லாக் கேனிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் கலந்து மூன்று பாட்டிலில் அடைத்து, இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட தாளை ஒட்டி முத்திரை வையுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று அவர்களுக்கு, மூன்றாவது பாட்டில் தகராறு வந்தால் பிரிப்பதற்கு. இதையும் அந்தப் போனிலேயே கேட்டுவிடலாம். மாட்டேன் என்று சொல்கிற வியாபாரியை நான் பார்த்ததில்லை.

விலை மாறினால் கூடவே மாறுகிற எண்

பலரும் கவனிக்காத ஒன்று அட்வான்ஸ். பாதி என்று பேசினீர்கள். பழைய விலையில் பாதி 1,66,600 ரூபாய். புதிய விலையில் மொத்தம் 3,68,480, அதில் பாதி 1,84,240. முதலில் 170 சொன்னபோதே அவர்கள் கணக்குப் பிரிவுக்கு ஒரு தொகை போயிருக்கலாம், அது அப்படியே வந்து சேரும். 17,640 ரூபாய் குறைவாக வந்ததை நீங்கள் பேங்க் மெசேஜில்தான் பார்ப்பீர்கள். அதனால் 'பாதி' என்ற வார்த்தையோடு புதிய தொகையையும் எழுதுங்கள். மீதித் தொகைக்கும் அதே எண் வரும். 15 நாள் எந்த நாளிலிருந்து என்பதையும் சேருங்கள். லோடு ஏறிய நாளிலிருந்தா, அவர்கள் குடோனில் இறங்கிய நாளிலிருந்தா, பில் தேதியிலிருந்தா என்று சொல்லாவிட்டால் ஒவ்வொருவரும் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார்.

எடையும் அப்படித்தான். 28 கிலோ என்பது கேன் நீங்கலாக நிகர எடை. கேனோடு சேர்த்து எடை போட்டால் 70 கேனில் நல்ல வித்தியாசம் வரும்.

மெயில் இப்படி இருக்கலாம்

அவர்கள் அனுப்பிய மெயிலுக்கே 'ரிப்ளை ஆல்' போடுங்கள், புது மெயில் தொடங்க வேண்டாம். அவர்கள் சொன்ன 188ம் உங்கள் சம்மதமும் ஒரே மெயில் சரத்தில் நிற்க வேண்டும். போனில் பேசிய ஆபீசரும் மெயிலில் கையெழுத்திட்டவரும் வேறு ஆள் என்றால் இருவரையும் சேருங்கள். பேசியது அவர், எழுதியது இவர் என்றால் இடையில்தான் விஷயம் தொலைந்துபோகிறது.

"வணக்கம். ஏப்ரல் 2ஆம் தேதி தாங்கள் அனுப்பிய திருத்திய விலை கிலோ ஒன்றுக்கு 188 ரூபாயை ஏற்றுக்கொள்கிறோம். 1,960 கிலோவுக்கு மொத்தம் 3,68,480 ரூபாய்.

மார்ச் 28 மாலையும் ஏப்ரல் 3 காலையும் தங்கள் பர்ச்சேஸ் ஆபீசருடன் போனில் பேசி ஒத்துக்கொண்ட மற்ற விவரங்கள் மாறாமல் கீழே உள்ளபடி இருக்கின்றன.

சரக்கு, பதப்படுத்துவதற்கான பச்சை ரப்பர் தேன், ஈரப்பதம் 22 சதவீதம் வரை. ஈரப்பதம் லோடு ஏற்றும்போது எங்கள் இடத்தில், வெப்பத் திருத்தம் உள்ள ரிஃப்ராக்டோமீட்டரில் இரு தரப்பும் சேர்ந்து பார்ப்பது. மூன்று மாதிரி பாட்டில் முத்திரையிட்டு வைப்பது.

அளவு 70 கேன், கேன் ஒன்றுக்கு நிகர எடை 28 கிலோ. காலி கேன்கள் தாங்கள் கொண்டுவருவது. சரக்கை அருமனையில் எங்கள் இடத்தில் ஏற்றுவது, வண்டியும் வாடகையும் தங்களுடையது. ஏப்ரல் 12க்குள் எடுத்துக்கொள்வது.

அட்வான்ஸ் பாதி, அதாவது 1,84,240 ரூபாய், வண்டி வரும் முன். மீதி 1,84,240 ரூபாய் லோடு ஏறிய நாளிலிருந்து 15 நாளுக்குள்.

மேலே உள்ளது சரி என்று ஒரு வரி பதில் அனுப்பினால் கேன்களையும் வண்டியையும் எதிர்பார்த்து ஏற்பாடு செய்கிறோம். நன்றி."

ஏப்ரல் 3 காலை என்று நான் போட்டிருப்பது நீங்கள் அளவீடு பற்றிக் கேட்கப்போகிற அந்தப் போனுக்காக. கேன் எத்தனை, ஒரு கேனுக்கு எத்தனை கிலோ, அட்வான்ஸ் எப்போது, 15 நாள் எதிலிருந்து என்பதையும் அதிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் வேறு மாதிரி சொன்னால் வேறு மாதிரி எழுதுங்கள், என் வரியை வைத்துக்கொள்ள வேண்டாம். பேசிய தேதிகளையும் உங்கள் போனில் பார்த்துச் சரியாகப் போடுங்கள்.

இந்த மெயிலில் நன்றியுரையை நீட்ட வேண்டாம். "இவ்வளவு ஏற்றித் தந்ததற்கு மிக்க மகிழ்ச்சி, இருந்தாலும் கொஞ்சம் கூட்டியிருக்கலாம்" என்பது மாதிரியான வரி வேண்டவே வேண்டாம். ஏற்றுக்கொள்கிறோம் என்று சொன்ன பிறகு 'இருந்தாலும்', 'ஆனால்', 'முடிந்தால்' எது வந்தாலும் முதல் வரி சந்தேகத்துக்கு உள்ளாகிறது. படித்துப் பார்த்து அந்த மூன்று வார்த்தைகளையும் தேடி எடுத்துவிடுங்கள்.

பதில் போடத் தாமதிக்கவும் வேண்டாம். நீங்கள் சம்மதத்தை அனுப்பும்வரை அவர்கள் 188ஐத் திரும்பப் பெறச் சட்டம் இடம் தருகிறது. மெயிலில் நடக்கிற ஒப்பந்தம் செல்லும் என்பதில் குழப்பம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10-ஏ பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. முத்திரைத்தாள் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

அவர்கள் பதில் போடாவிட்டால்

இதில் பலர் தவறுகிறார்கள். "இரண்டு நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்" என்று எழுதுவதால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஒருவருடைய மௌனத்தை நாமாகச் சம்மதம் ஆக்கிவிட முடியாது. பதில் வரவில்லை என்றால் போன் போடுங்கள், "மெயில் பார்த்தீர்களா, சரிதானே" என்று கேளுங்கள், "சரி" என்றால் "இப்போது போனில் உறுதி செய்ததற்கு நன்றி" என்று அதே சரத்தில் ஒரு வரி போடுங்கள். அட்வான்ஸ் 1,84,240 சரியாக வந்து விழுந்தால் அதுவும் பலமான சாட்சி. உங்கள் மெயிலில் உள்ள எண்ணில் பணம் வந்திருக்கிறது என்றால் மெயிலைப் படித்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

அதோடு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். சில கம்பெனிகள் இதற்குப் பிறகு அச்சடித்த பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்பும். முன்பக்கத்தில் 188 சரியாக இருக்கும். பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் "சரக்கு எங்கள் குடோனில் ஒப்படைக்கப்பட வேண்டும், தரம் எங்கள் ஆய்வக முடிவின்படி, பணம் 45 நாளில்" என்று எல்லா சப்ளையருக்கும் பொதுவாக அடித்தது இருக்கும். அதை வாங்கி வைத்துக்கொண்டு சரக்கை ஏற்றிவிட்டால், அந்தத் தாளைத்தான் நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள் என்று அவர்கள் சொல்ல வழி பிறக்கும். ஆர்டர் வந்ததும் உங்கள் மெயிலோடு வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் சரக்கு ஏறும் முன்னே எழுதுங்கள்: "ஆர்டர் கிடைத்தது. அதன் பின்பக்கத்தில் ஒப்படைக்கும் இடம், தரச் சோதனை, பணம் தரும் நாள் ஆகிய மூன்றும் ஏப்ரல் 3ஆம் தேதி மெயிலில் உறுதி செய்ததிலிருந்து மாறியிருக்கின்றன. மெயிலில் உள்ளபடியே நடக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம், திருத்திய ஆர்டர் அனுப்பவும்." திருத்திய தாள் வந்த பிறகு கேனை நிரப்புங்கள்.